கபடியும் கோடியும் ஒரே எண்ணாகும்போது: ஸ்ட்ரிங் ஹேஷுக்கு பேஸ், மாடுலஸ் தேர்வு

கேள்வி: "சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். ஒரு புராஜெக்டுக்காகத் தமிழ்க் கட்டுரைகளில் எத்தனை வெவ்வேறு சொற்கள் உள்ளன என்று எண்ணுகிறேன். சொல்லை வைத்துக்கொள்ளாமல் அதன் பாலினாமியல் ஹேஷை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேஸ் 31, மாட் 10^9+7 என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. நண்பன் மாட் எடுக்காமல் 64 பிட் தானாக வழியட்டும், வேகம் என்கிறான். எதைத் தேர்ந்தெடுப்பது? யுனிவர்சல் ஹேஷிங் என்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?"

பதில்:

உங்கள் கேள்வியில் ஒரு வரி மிக முக்கியம்: சொல்லை வைத்துக்கொள்வதில்லை, ஹேஷை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். ஜாவாவின் HashMap-உம் பேஸ் 31-ஐத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது சொல்லையும் கூடவே வைத்திருக்கிறது. இரண்டு சொற்களுக்கு ஒரே ஹேஷ் வந்தால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பிரித்துவிடும். கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். உங்களிடம் ஒப்பிட ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஒரு மோதல் என்றால் ஒரு தவறான விடை, அதுவும் எந்தச் சத்தமும் இல்லாமல்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தமிழ்க் கட்டுரைகளுக்குத் தேடல் செய்து கொடுத்தோம். இடத்தை மிச்சப்படுத்த நானும் ஹேஷை மட்டுமே வைத்தேன், பேஸ் 31. "உரிமை" என்று தேடினால் "உரியன" உள்ள பத்திகள் வந்தன. வேர்ச்சொல் பிரிக்கும் பகுதிதான் தவறு செய்கிறது என்று இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன். பிறகு "எளிமை" தேடியபோது "எளியன" வந்தது, "இனிமை" தேடியபோது "இனியன" வந்தது. அப்போதுதான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். பாலினாமியல் ஹேஷ் என்பது, இதுவரை வந்த எண்ணை பேஸால் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது; மாட் என்பது அதை மாடுலஸால் வகுத்தால் வரும் மீதி. யூனிகோடில் ம 2990, அடுத்த எண்ணான 2991 ய. ஐகாரக் குறி ை 3016, ன 2985. பேஸ் 31 என்றால் "மை" என்ற முடிவு 31 × 2990 + 3016 = 95706. "யன" என்ற முடிவு 31 × 2991 + 2985, அதுவும் 95706. முதல் எழுத்து ஒன்று கூடினால் ஹேஷ் 31 கூடுகிறது. இரண்டாவது எழுத்து 31 குறைந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆக, முன்பகுதி ஒன்றாக இருந்து "மை" என்றும் "யன" என்றும் முடிகிற எந்த இரண்டு சொற்களும் மோதும். தமிழ் இலக்கணமே இந்த ஜோடிகளை வரிசையாக உண்டாக்கித் தருகிறது.

நீங்கள் சி++-இல் யுடிஎஃப்-8 பைட்டுகளை ஒவ்வொன்றாக ஹேஷ் செய்தால் இந்த ஜோடி தப்பித்துவிடும். ஆனால் வேறு ஜோடி மாட்டும். ப என்ற எழுத்தின் கடைசி இரண்டு பைட்டுகள் 174, 170. ோ என்ற குறிக்கு 175, 139. அதே கதைதான்: ஒன்று கூடி, 31 குறைகிறது. "கபடி", "கோடி" இரண்டுக்கும் பேஸ் 31-இல் ஒரே ஹேஷ். கவனியுங்கள், இதுவரை மாடுலஸ் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த மோதல் மாட் எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. 10^9+7 ஆனாலும் சரி, அதைவிடப் பல மடங்கு பெரிய பகா எண் ஆனாலும் சரி, இதைச் சரிசெய்யாது.

எழுத்துகளின் எண் வீச்சைவிடப் பெரிய பேஸ் எடு என்ற அறிவுரை இதனால்தான் வந்தது. a முதல் z வரை 26 எழுத்துதான் என்ற உலகில் 31 சரியான தேர்வு. தமிழ் யூனிகோட் பகுதி 128 இடம் அகலமானது. கூடவே இடைவெளி, எண்கள், ஆங்கிலம் எல்லாம் கலந்து வரும். 4096-க்கு மேல் ஏதாவது ஒன்றை எடுத்தால் இந்த வகை அடுத்தடுத்த எழுத்து மோதல் போய்விடும். ஆனால் அது ஒரு ஓட்டையை அடைக்கிறது, அவ்வளவுதான். சொல் நீண்டு மாட் வேலை செய்யத் தொடங்கியதும், நீங்கள் எடுத்த அந்த நிலையான பேஸுக்கென்று வேறு மோதல்கள் எங்கோ இருக்கத்தான் செய்யும். அவை உங்கள் கட்டுரைகளில் வருமா வராதா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உத்தரவாதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மேலே உள்ள ஜோடியையே மறுபடி பாருங்கள், இந்த முறை பேஸை x என்று வைத்து. "இனியன"வின் ஹேஷிலிருந்து "இனிமை"யின் ஹேஷைக் கழித்தால் பொதுவானதெல்லாம் அடிபட்டுப் போய் x − 31 மட்டும் மிஞ்சுகிறது. இது எப்போது பூச்சியம்? x = 31 ஆக இருந்தால் மட்டும். மாட் 10^9+7 என்றால் ஏறக்குறைய நூறு கோடி பேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த இரண்டு சொற்களை மோதவைக்கும் பேஸ் ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது எந்த ஜோடிக்கும் பொருந்தும். n எழுத்துள்ள இரண்டு வெவ்வேறு சொற்களின் ஹேஷ்களைக் கழித்தால் கிடைப்பது அதிகபட்சம் n − 1 படியுள்ள ஒரு பல்லுறுப்புக்கோவை. மாடுலஸ் பகா எண்ணாக இருந்தால், அத்தகைய கோவையைப் பூச்சியமாக்கும் மதிப்புகள் n − 1-க்கு மேல் இருக்க முடியாது. ஆகவே p பேஸ்களிலிருந்து ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்தால், அது இந்த ஜோடிக்குக் கெட்ட பேஸாக அமையும் வாய்ப்பு (n − 1)/p-ஐத் தாண்டாது. இதற்கு நிரூபணம் உண்டு. உங்கள் சொற்கள் எப்படிப்பட்டவை என்ற எந்த ஊகமும் இதில் இல்லை. எதிரி ஒருவன் உட்கார்ந்து சொற்களைத் தேர்ந்தெடுத்தாலும் இது நிற்கும், பேஸ் அவனுக்குத் தெரியாமல் பிறகு குலுக்கப்பட்டால்.

யுனிவர்சல் ஹேஷிங் என்பது, சொற்கள் முதலில், ஃபங்ஷன் பிறகு குலுக்கலில் என்ற இந்த முறைதான். கார்ட்டர், வெக்மன் இருவரும் 1970-களின் இறுதியில் முன்வைத்த கருத்து இது: ஒரு நல்ல ஹேஷ் ஃபங்ஷனைத் தேடாதே, ஃபங்ஷன்களின் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள், ஓடும் நேரத்தில் அதிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடு. எந்த இரண்டு சாவிகளை எடுத்தாலும் அவை மோதும் வாய்ப்பு 1/m-ஐத் தாண்டாவிட்டால் அந்தக் குடும்பம் யுனிவர்சல். இங்கே m என்பது ஹேஷ் எத்தனை மதிப்புகளை எடுக்கலாம் என்பது. நம் பாலினாமியல் குடும்பத்தில் 1/p-க்குப் பதில் n/p அளவில் வருகிறது. அதனால் கறாராகச் சொன்னால் இது யுனிவர்சல் அல்ல, ஏறக்குறைய யுனிவர்சல். p-ஐப் பெரிதாக எடுத்தால் அந்த n ஒரு பொருட்டல்ல.

சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் நிரலாக்கப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அண்ணே, 31 எடுத்தாலும் மோதும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுதானே?" இல்லை. 31 என்று எழுதி முடித்தபின் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கபடியும் கோடியும் மோதுகின்றன; நூறு முறை ஓட்டினால் நூறு முறையும் மோதும். வாய்ப்பு என்பது குலுக்கலில் மட்டும்தான் இருக்கிறது.

சரி, நண்பர் சொன்ன 64 பிட் வழிதல். அதில் மாடுலஸ் 2^64, பகா எண் அல்ல. பகா எண் இல்லாவிட்டால் மேலே சொன்ன வாதம் உடைகிறது. சின்ன உதாரணம்: மாட் 8-இல் x² − 1 எப்போது பூச்சியம்? இரண்டாம் படிக் கோவை, ஆக அதிகபட்சம் இரண்டு விடை இருக்க வேண்டும். ஆனால் 1, 3, 5, 7 நான்குமே விடை. ஒற்றைப்படை எண் எதைப் போட்டாலும் பூச்சியம்.

இதையே பெரிதாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். a என்று தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும், இருக்கும் சரத்தில் a-வை b-யாகவும் b-யை a-வாகவும் மாற்றி, அந்த மாற்றுப் பிரதியைக் கூடவே ஒட்டுங்கள்: ab, abba, abbabaab. கணிதத்தில் இதற்கு தூ–மோர்ஸ் வரிசை என்று பெயர். பத்து முறை செய்தால் 1024 எழுத்து. இந்தச் சரத்தையும் இதை அப்படியே a, b மாற்றிய சரத்தையும் கழித்தால், குறியை விட்டுவிட்டால், (x−1)(x²−1)(x⁴−1) என்று தொடங்கி (x^512−1) வரை போகும் ஒரு பெருக்கல் கிடைக்கிறது. x ஒற்றைப்படை என்றால் முதல் காரணி 2-ஆல் வகுபடும், இரண்டாவது 8-ஆல், மூன்றாவது 16-ஆல், இப்படியே கடைசிக் காரணி 2^11-ஆல். அடுக்குகளைக் கூட்டுங்கள்: 1 + 3 + 4 + … + 11 = 64. ஆக மொத்தப் பெருக்கலும் 2^64-ஆல் வகுபடுகிறது, அதாவது பூச்சியம். எந்த ஒற்றைப்படை பேஸ் எடுத்தாலும் இந்த இரண்டும் மோதும். இரட்டைப்படை பேஸ் எடுத்தால் இன்னும் மோசம்: அதன் 64-ஆவது அடுக்கே 2^64-ஆல் வகுபட்டுவிடும் என்பதால் கடைசி 64 எழுத்துக்கு முன்னால் உள்ளது எதுவும் ஹேஷில் இருக்காது. பேஸைக் குலுக்குவதால் இங்கே ஒரு பயனும் இல்லை. இதனால்தான் கோட்ஃபோர்சஸ் போன்ற தளங்களில் வழிதல் ஹேஷை உடைக்க இந்தச் சரத்தைச் சோதனைத் தரவிலேயே வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் தரவில் 1024 எழுத்துச் சொல் வராது என்பது உண்மைதான். பெரிய பேஸோடு உங்கள் கட்டுரைகளில் வழிதல் ஹேஷ் ஒரு தவறும் செய்யாமல் போகவே நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது பழக்கத்தில் கண்டது, நிரூபித்தது அல்ல. கொஞ்சம் கூடுதல் வேலையில் நிரூபித்த வழி கிடைக்கும்போது அதை விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்து, மாட் 10^9+7-ஐ வைத்துக்கொண்டு பேஸை மட்டும் குலுக்கினால் போதுமா? இரண்டு சரங்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். உங்கள் வேலைக்குப் போதாது, ஏனென்றால் நீங்கள் ஒப்பிடுவது எல்லாச் சொல்லையும் எல்லாச் சொல்லோடும். ஒரு லட்சம் வெவ்வேறு சொற்கள் என்றால் ஜோடிகள் சுமார் 500 கோடி. ஹேஷ் மதிப்புகளோ 100 கோடி. ஒவ்வொரு ஜோடியும் நூறு கோடியில் ஒரு வாய்ப்பில் மோதினாலே ஐந்து மோதல்களை எதிர்பார்க்க வேண்டும். இது பிறந்தநாள் கணக்கு: ஏறக்குறைய 37,000 சொற்களிலேயே குறைந்தது ஒரு மோதல் இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி வந்துவிடும்.

நான் எடுக்கச் சொல்வது 2^61 − 1. இது பகா எண், மதிப்பு சுமார் 2.3 × 10^18. ஒரு சொல் 40 எழுத்துக்கு மேல் போகாது என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் சொற்களில் எங்காவது ஒரு மோதல் நேரும் வாய்ப்புக்கு மேல்வரம்பு 500 கோடி × 40 ÷ 2.3 × 10^18, அதாவது ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. பைட் கணக்கில் நீளம் மூன்று மடங்கானால் இந்த வரம்பும் மூன்று மடங்காகும், அப்போதும் கவலையில்லை. இந்தக் குறிப்பிட்ட எண்ணை எடுப்பதற்கு இன்னொரு காரணம், இதில் மாட் எடுக்க வகுத்தலே வேண்டாம். 2^61 என்பது இந்த மாடில் 1-க்குச் சமம். ஆகவே 61 பிட்டுக்கு மேல் உள்ளதைக் கீழே இறக்கிக் கூட்டினால் போதும்.

```cpp
#include <chrono>
#include <random>
#include <string>
using namespace std;

using u64 = unsigned long long;
const u64 P = (1ULL << 61) - 1;

u64 mul(u64 a, u64 b) {
    __uint128_t t = (__uint128_t)a * b;
    u64 r = (u64)(t & P) + (u64)(t >> 61);
    return r >= P ? r - P : r;
}

u64 hashOf(const string& s, u64 B) {
    u64 h = 0;
    for (unsigned char c : s) {
        h = mul(h, B) + c;
        if (h >= P) h -= P;
    }
    return h;
}

mt19937_64 rng(chrono::steady_clock::now()
               .time_since_epoch().count());
u64 B = rng() % (P - 4096) + 4096;
```

இதில் unsigned char என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாமே 127-க்கு மேல். வெறும் char பல கணினிகளில் அவற்றை எதிர்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும், சிலவற்றில் எடுக்காது. அப்புறம் ஒரே சொல்லுக்கு இரண்டு இயந்திரத்தில் இரண்டு ஹேஷ் வரும். அதேபோல, எழுத்துகளை நீங்களாக எண்ணிட்டால் 0-இலிருந்து தொடங்காதீர்கள். a-வுக்கு 0 கொடுத்தால் a, aa, aaa மூன்றும் ஒன்றாகிவிடும், எந்த பேஸானாலும். பேஸைக் குலுக்க srand(time(0)) வேண்டாம். அது நொடிக் கணக்கில்தான் மாறும், எளிதில் ஊகிக்கலாம். 128 பிட் இல்லாத மொழியில் எழுதினால் 10^9 அளவில் இரண்டு பகா எண்கள், ஒவ்வொன்றுக்கும் தனியே குலுக்கிய பேஸ் என்று இரண்டு ஹேஷ்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிரூபித்த வரம்பு கொஞ்சம் தளரும், ஆனாலும் உங்கள் வேலைக்குப் போதும்.

இந்த உத்தரவாதத்துக்கு ஓர் எல்லை உண்டு: பேஸ் ரகசியமாக இருக்க வேண்டும். ஹேஷ் மதிப்புகளை வெளியே காட்டினால் ரகசியம் போய்விடும். இரண்டு எழுத்துச் சொல் ஒன்றின் ஹேஷ் தெரிந்தாலே, முதல் எழுத்து × B + இரண்டாம் எழுத்து என்ற ஒற்றைச் சமன்பாட்டைத் தீர்த்து B-யைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் இது எண்ணுவதற்கும் ஒப்பிடுவதற்கும் உரிய கருவி. கடவுச்சொல்லுக்கோ, கோப்பு மாற்றப்பட்டதா என்று சரிபார்ப்பதற்கோ உரியதல்ல. ஹேஷ்களைச் சேமித்து நாளையும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பேஸை ஒருமுறை குலுக்கிச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகக் குலுக்கினால் பழைய ஹேஷ்கள் பயனற்றுப் போகும்.

தமிழுக்கே உரிய இன்னொரு விஷயம், மோதலுக்கு நேர் எதிரானது. "டோபி காட்" என்று எம்ஆர்டி நிலையப் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். முதல் எழுத்தான டோ இரண்டு விதமாகப் பதிவாகலாம்: ட உடன் ோ என்ற ஒரே குறி, அல்லது ட உடன் ே, பின் ா என்று இரண்டு குறிகள். திரையில் ஒரு வேறுபாடும் தெரியாது. ஹேஷுக்கு அவை இரண்டு வேறு சொற்கள், அதில் ஹேஷின் தவறு ஒன்றுமில்லை. பல இடங்களிலிருந்து கட்டுரைகளை எடுக்கிறீர்கள் என்றால் ஹேஷ் செய்வதற்கு முன் எல்லாவற்றையும், ஒரே எழுத்தை ஒரே விதமாகப் பதியும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ொ, ௌ குறிகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

எல்லாம் முடிந்ததும், என்எஃப்சிக்கு மாற்றிய சொற்களில் ஒரு சிறு மாதிரியை எடுத்து, வரிக்கு ஒரு சொல்லாக எழுதி, ஹேஷ் இல்லாமல் எண்ணிப் பாருங்கள்:

```
LC_ALL=C sort -u words.txt | wc -l
```

LC_ALL=C இல்லாவிட்டால் சில கணினிகளில் sort தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்காமல் வேறு வேறு சொற்களை ஒன்றாக்கிவிடும்; இருந்தால் பைட் பைட்டாக ஒப்பிடும். உங்கள் நிரல் தரும் எண்ணிக்கை இதைவிடக் குறைந்தால் எங்கோ மோதுகிறது என்று பொருள். இரண்டும் ஒன்றாக இருந்தும் கண்ணுக்கு ஒரே சொல் இருமுறை தெரிந்தால் என்எஃப்சி விடுபட்டிருக்கிறது. அந்த மாதிரியில் இனிமை, இனியன, கபடி, கோடி நான்கையும் சேர்த்துவிடுங்கள். கோட் பாயிண்ட் முறையில் எழுதினாலும் பைட் முறையில் எழுதினாலும், எங்காவது பழைய 31 ஒளிந்திருந்தால் இவற்றில் ஒரு ஜோடி காட்டிக்கொடுத்துவிடும்.